ஆறு மாதத்தில் ஜூலு: ஆறு ஒலிப்பதிவுகளும் ஒரு நோட்டும்

என் போனில் ஆறு ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. மார்ச் கடைசியில் ஒன்று, அப்புறம் மாதம் ஒன்றாக ஆகஸ்ட் வரை. முதல் பதிவு நாற்பது வினாடிதான். அதில் பாதி நேரம் நான் "ம்ம்" என்று இழுப்பதும் பின்னால் கிடங்கில் யாரோ தள்ளுவண்டியை உருட்டுவதும்தான் கேட்கும். கடைசிப் பதிவு பதினோரு நிமிடம். இந்தப் பதிவுகளுக்கு நடுவில் என்ன செய்தேன், எது வேலை செய்தது, எங்கே திட்டம் உடைந்தது என்று இரண்டு மூன்று நண்பர்கள் கேட்டுவிட்டார்கள். அவர்களும் இங்கே வேலைக்கு வந்தவர்கள்தான். ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுகிறேன்.

நான் கும்பகோணத்துக்காரன். டர்பனுக்கு வடக்கே வெருலத்தில் ஒரு மளிகை மொத்தக் கடையின் கிடங்கில் மேற்பார்வை வேலை. கிடங்கில் என்னோடு வேலை செய்கிறவர்கள் ஒன்பது பேர், ஒன்பது பேருக்கும் வீட்டு மொழி ஜூலு. தென்னாப்பிரிக்காவில் அதிகம் பேர் வீட்டில் பேசும் மொழி அதுதான், 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 24.4 சதவீதம், எங்கள் குவாஸுலு-நட்டால் மாகாணத்தில் மிகப் பெரும்பான்மை. என்னிடம் எல்லோரும் ஆங்கிலத்தில் பேசுவார்கள், நான் நகர்ந்தால் உடனே ஜூலுவுக்குத் திரும்புவார்கள். இரண்டு வருடம் அப்படியே ஓடியது. ஒருநாள் அவர்களில் ஒருவரின் வீட்டில் துக்கம். எல்லோரும் அவரைச் சுற்றி நின்று ஆறுதலாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்குச் சொல்ல ஒரு வார்த்தை இல்லை. அந்த வாரமே ஆரம்பித்தேன்.

முதலில் ஒரு கணக்குப் போட்டேன், அந்தக் கணக்குதான் பிற்பாடு என்னைக் காப்பாற்றியது. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்றுத்தருகிற பயிற்சி நிறுவனம் ஒன்று வைத்திருக்கிறது. ஆங்கிலம் பேசுகிற ஒருவர் ஜூலுவில் நன்றாக வேலை பார்க்கும் அளவுக்கு வர அவர்கள் ஒதுக்குவது ஏறக்குறைய 1100 வகுப்பு மணி நேரம். (தமிழுக்கும் அதே கணக்குதான்.) என்னால் ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்க முடியும். 180 நாளுக்கு 135 மணி நேரம். அதாவது எட்டில் ஒரு பங்கு. நம் மூளைக்குச் சில இடங்களில் கொஞ்சம் சலுகை கிடைக்கும், அதைப் பிறகு சொல்கிறேன், ஆனாலும் ஆறு மாதத்தில் சரளமாகப் பேசிவிடலாம் என்கிற பேச்சு கணக்கிலேயே இடிக்கிறது. ஆகவே குறியைச் சுருக்கினேன். நலம் விசாரிப்பது, கிடங்கு வேலை, சந்தையில் வாங்குவது, நேற்று என்ன நடந்தது என்று சொல்வது. இந்த நான்கு மட்டும். அரசியல், போனில் பேசுவது, அவர்கள் தங்களுக்குள் அடிக்கிற வேடிக்கைப் பேச்சு எல்லாம் இந்த ஆறு மாதத்துக்கு வெளியே.

முக்கால் மணி நேரத்தை மூன்றாக உடைத்தேன். காலையில் பதினைந்து நிமிடம் அட்டைகள். மனப்பாட அட்டைச் செயலி ஏதாவது ஒன்று போதும், மறக்கப்போகிற சமயம் பார்த்து அட்டையைத் திரும்பக் காட்டுகிற வகையாக இருந்தால் சரி. வேலைக்குப் போகிற டாக்சி வேனில் இருபது நிமிடம் கேட்பது. சாயங்காலம் பத்து நிமிடம் வாய்விட்டுச் சொல்வது. இதற்கு மேல் சனிக்கிழமை அரை மணி நேரம், எங்கள் கிடங்கில் சரக்குக் கணக்கு பார்க்கிற அம்மாவோடு. அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். இந்த அரை மணிக்கு அவருக்குப் பணம் கொடுத்தேன், அதை முதல் நாளே பேசி முடிவு செய்துகொண்டோம். கூட வேலை செய்கிறவர்தானே என்று இலவசமாகக் கேட்டால், வாரம் முழுக்க மூட்டை எண்ணிக் களைத்தவர் மூன்றாவது வாரம் எப்படி உற்சாகமாக வருவார்? அவர் வாரம் ஒரு முறை என் போனில் ஒன்றரை நிமிடம் ஏதாவது பேசிப் பதிவு செய்து தருவார், அந்த வாரம் அவர் வீட்டில் நடந்தது, மழை பெய்தது, பேரன் பள்ளிக்கூடத்தில் செய்தது. வேனில் நான் கேட்டது அதைத்தான், அதே ஒன்றரை நிமிடத்தை நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை.

அவரை ஜூலு வழக்கப்படி "மாமா" என்று கூப்பிட வேண்டும். அம்மா என்று அர்த்தம். ஒரு பெண்மணியை மாமா என்று கூப்பிட என் வாய்க்கு இரண்டு வாரம் ஆயிற்று. ஆண்களுக்கு "பாபா", வயதில் மூத்த பாட்டிக்கு "கோகோ". பெயர் சொல்லிக் கூப்பிடாமல் உறவுமுறை வைத்துக் கூப்பிடுவது, மரியாதைக்குப் பன்மையில் பேசுவது இதெல்லாம் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருவரைப் பார்த்து "சாவுபோனா" என்றால் வணக்கம், பலரைப் பார்த்தாலோ ஒரு பெரியவரிடமோ "சானிபோனானி". நீ, நீங்கள் வித்தியாசம்தான். நான் சொன்ன சலுகை இதுதான், ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் இதையெல்லாம் விதியாகப் படிக்க வேண்டும், நமக்கு அது ஏற்கெனவே பழக்கத்தில் இருக்கிறது.

முதல் மாதம் முழுக்க ஒலிகள்.

ஜூலுவில் மூன்று சொடுக்கு ஒலிகள் உண்டு, அவர்கள் எழுத்தில் சி, க்யூ, எக்ஸ் என்று எழுதுவார்கள். எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான், ஆனால் மூன்றில் ஒன்று நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. யாராவது சோகக் கதை சொன்னால் உச்சுக்கொட்டுவோமே, நாக்கு நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் வைத்து உறிஞ்சுகிற சத்தம், அதுதான் சி. மாட்டு வண்டிக்காரர் மாட்டை விரட்டக் கன்னத்தோரம் ஒரு சத்தம் எழுப்புவாரே, ஏறத்தாழ அதுதான் எக்ஸ். க்யூ மட்டும் புதிது, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, பாட்டில் மூடி திறக்கிற மாதிரி 'டொக்' என்று கீழே விடவேண்டும். தனியாகச் செய்வது சுலபம். உயிரெழுத்தோடு ஒட்டிச் சொல்வதில்தான் கஷ்டம், ஏனென்றால் நாம் சொடுக்கிவிட்டு ஒரு நொடி நின்றுவிட்டு அப்புறம் 'ஆ' என்கிறோம். முதலில் தேவைப்படும் சொடுக்கு 'தயவுசெய்து கேட்கிறேன்' என்பதற்கான "ங்கிசெலா" (இதில் 'செ' தான் உச்சுக்கொட்டு), அதையே ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொன்னேன், மற்ற சொடுக்குகளை அதற்கப்புறம் எடுத்தேன்.

என்னை உண்மையில் மாட்டிவிட்டவை சொடுக்குகள் இல்லை, வேறு இரண்டு. முதலாவது, 'ல' சொல்கிற இடத்தில் நாக்கை வைத்துக்கொண்டு குரல் இல்லாமல் பக்கவாட்டில் காற்றை ஊதுகிற ஓர் ஒலி. 'ஹ்ல' என்று எழுதுகிறேன், வேறு வழியில்லை. "ஹ்லாலா" என்றால் உட்கார், "லாலா" என்றால் தூங்கு. வீட்டுக்கு வந்த பெரியவரை உட்காரச் சொல்ல நினைத்து நான் தூங்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது, நமக்கு ஒரே 'க' இருக்கும் இடத்தில் அவர்களுக்கு மூச்சு விட்டுச் சொல்கிற 'க' ஒன்று, மூச்சு விடாத 'க' ஒன்று, இரண்டும் வேறு எழுத்து. மூச்சோடு சொன்னால் "காலா" என்பது அழு. மூச்சில்லாமல் சொன்னால் எடை போடு. நம் வாய் இயல்பாக மூச்சில்லாத பக்கம் சாயும், ஆகவே குழந்தை அழுகிறது என்று நான் சொன்னதெல்லாம் குழந்தை எடை போடுகிறது என்றே அவர்கள் காதில் விழுந்தது. 'ப', 'த' விஷயத்திலும் இதே கதை. இதனால்தான் சொல்கிறேன், இந்தக் கட்டுரையில் உங்களுக்காக ஜூலுவைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், ஆனால் உங்கள் நோட்டில் அப்படி எழுதாதீர்கள். தமிழில் எழுதினால் இந்த வித்தியாசம் நோட்டிலேயே அழிந்துபோகும், அப்புறம் வாயிலும் வராது. அவர்கள் எழுதுகிற எழுத்திலேயே எழுதுங்கள்.

முதல் மாதச் சோதனை இது: நான் இருபது சொற்களை வரிசை மாற்றி வாசிக்கிறேன், மாமா என் நோட்டைப் பார்க்காமல் தன் காதில் விழுந்ததை எழுதுகிறார். பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். நன்றாக இருக்கிறது என்று முகத்துக்காகச் சொல்ல இதில் இடமே இல்லை, அவர் எழுதியது வேறு சொல்லாக இருந்தால் நான் சொன்னது வேறு சொல், அவ்வளவுதான். இருபதில் ஒன்பது தேறியது. தவறிய பதினொன்றில் சொடுக்கு மூன்றுதான், மிச்சம் எட்டும் ஹ்ல-வும் மூச்சு எழுத்துகளும். அந்தத் தாளை வைத்துத்தான் இரண்டாம் மாத வாய்ப் பயிற்சியில் எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்தேன்.

இரண்டாம் மாதம்தான் இந்த மொழியின் மையம். இதை விட்டுவிட்டு ஆயிரம் சொல் படித்தாலும் பேச வராது.

தமிழில் இரண்டு திணை. நல்ல பையன் விழுந்தான், மூட்டை விழுந்தது என்று வினையின் கடைசியில் திணையும் பாலும் தெரியும். ஜூலுவிலும் இதே ஏற்பாடு, இரண்டே மாற்றம். ஒன்று, அடையாளம் கடைசியில் வராமல் முன்னால் வரும். இரண்டு, திணைகள் இரண்டல்ல, ஒருமை பன்மை எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டுக்கு மேல். எந்தப் பெயர்ச்சொல் என்பதைப் பொறுத்து அதற்குப் பின்னால் வரும் பெயரடையின் தலையும் வினையின் தலையும் மாறும். எங்கள் கிடங்கிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். 'பெரிய மூட்டை விழுந்துவிட்டது' என்பது "இசாகா எலிகுலு லிவிலே". மூட்டைகள் என்றால் "அமசாகா அமகுலு அவிலே". நாற்காலி என்றால் "இசிஹ்லாலோ எசிகுலு சிவிலே", நாற்காலிகள் "இஸிஹ்லாலோ எஸிங்குலு ஸிவிலே". பையன் "உம்ஃபானா ஓம்குலு உவிலே", பையன்கள் "அபாஃபானா அபாகுலு பாவிலே". உரக்கச் சொல்லிப் பாருங்கள், மூன்று சொல்லின் தலையும் ஒன்றோடொன்று எதுகை மாதிரி ஒலிக்கும். பெரிய என்பதற்கு "குலு", விழு என்கிற "வா" இறந்தகாலத்தில் "விலே", இவை ஏறக்குறைய மாறவே இல்லை, தலைதான் மாறிக்கொண்டே இருக்கிறது.

இது தெரியாமல் முதல் மூன்று வாரம் நான் தனித்தனிச் சொல்லாக அட்டை போட்டேன். பெரிய = குலு, விழு = வா. அட்டையில் எல்லாம் சரியாக வந்தது, ஆனால் மாமா பேசும்போது ஒரு சொல்லும் பிடிபடவில்லை, காரணம் அவர் வாயில் "குலு" என்று தனியாக ஒருபோதும் வராது. பழைய பெரிய ஜூலு அகராதிகளில் சொல்லைத் தேடும்போதும் இதே தொல்லை, தலையை வெட்டிவிட்டு வேரில் தேட வேண்டும், மனிதன் என்கிற "உமுந்து" அங்கே 'ந்து' வரிசையில் இருக்கும். ஏறக்குறைய நூற்றி இருபது அட்டைகளை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். புது விதி: அட்டையில் பெயர்ச்சொல் வந்தால் ஒருமையும் பன்மையும் சேர்ந்தே வர வேண்டும், மற்ற எல்லாச் சொல்லும் முழு வாக்கியத்துக்குள்தான் வர வேண்டும். ஒரு நாளைக்குப் புதிது ஆறு, அதற்கு மேல் இல்லை. பன்மையைச் சேர்த்துப் படிக்கச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 'இ'யில் தொடங்குகிற சொற்கள் குறைந்தது இரண்டு திணையில் இருக்கின்றன, "இசாகா" ஒரு பக்கம், நாய் என்கிற "இஞ்ஜா" இன்னொரு பக்கம். ஒருமையை மட்டும் பார்த்தால் குழம்பும். பன்மை "அமசாகா", "இஸிஞ்ஜா" என்று வந்ததும் வழி பிரிந்துவிடும், அதைப் பார்த்தே மூட்டைக்கு "லிவிலே", நாய்க்கு "இவிலே" என்று வாய் போகும்.

எல்லாத் திணையையும் ஒரே மாதத்தில் எடுக்கக் கூடாது. பையன், மூட்டை, நாற்காலி, நாய் என்கிற இந்த நான்கு சோடியை மட்டும் எடுத்தேன், எட்டுத் தலைகள். தினமும் சாயங்காலம் பத்து நிமிடத்தில் பாதி, தாளைப் பார்க்காமல், இந்த எட்டுக்கும் 'பெரிய இது விழுந்துவிட்டது' என்று சொல்வது. மறுநாள் விழுவதற்குப் பதில் வேறு வினை. முதல் நாள் எட்டையும் சொல்ல ஒன்றரை நிமிடம் ஆனது. இரண்டாம் மாதக் கடைசியில் முப்பது வினாடி. நேரத்தை ஏன் அளந்தேன் என்றால், சரியாகச் சொல்வது மட்டும் போதாது, யோசித்துச் சரியாகச் சொல்கிறவரை அது பேச்சில் வராது, ஏனென்றால் எதிரில் நிற்கிறவர் யோசிக்க நேரம் தரமாட்டார். எட்டும் நாற்பது வினாடிக்குள் வந்த பிறகுதான் மரம், மருந்து என்று இரண்டுக்கும் பொருள் தருகிற "உமுதி", அதன் பன்மை "இமிதி" இருக்கிற அடுத்த சோடிக்குப் போனேன்.

இரண்டாம் மாதத்திலிருந்து சோதனை மாறவே இல்லை. நேற்று கிடங்கில் நடந்ததை மாமாவிடம் சொல்ல வேண்டும், பதிவு ஓடும். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்டு மூன்று விஷயத்தை மட்டும் எண்ணுவோம்: எத்தனை தடவை ஆங்கிலத்துக்குத் தாவினேன், எத்தனை தலை தவறாகப் போட்டேன், எத்தனை இடத்தில் ஐந்து வினாடிக்கு மேல் நின்றேன். ஒவ்வொரு மாதமும் கேள்வியை மாற்றினால் கேள்வி சுலபமா நான் தேறினேனா என்று தெரியாது, அதனால்தான் ஒரே கேள்வி. இரண்டாம் மாதம் ஒன்றே முக்கால் நிமிடப் பேச்சில் ஆங்கிலத் தாவல் பதினான்கு, தலைத் தவறு பதினொன்று.

இப்படி வந்து மூன்றாம் மாதத்தில் உடைந்தது. ஊரில் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போய் பதினாறு நாள் கும்பகோணத்தில் இருந்தேன், ஒரு நாள்கூடப் பயிற்சி இல்லை. திரும்பி வந்தபோது அட்டைச் செயலியில் முந்நூற்றுச் சொச்சம் அட்டைகள் வரிசையில் நின்றன. இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் தள்ளப் பார்த்தேன், ஒரு மணி நேரம் போயும் பாதிக்கு மேல் தவறு, மூன்றாம் நாள் செயலியைத் திறக்கவே மனசு வரவில்லை. அப்புறம் செய்தது இது: புது அட்டையை முழுக்க நிறுத்தினேன், பழையதில் ஒரு நாளைக்கு அறுபது என்று செயலியிலேயே வரம்பு வைத்தேன், வேனில் கேட்பதை மட்டும் ஒரு நாளும் விடவில்லை. ஏறக்குறைய ஒன்றரை வாரத்தில் வரிசை தீர்ந்தது. ஆறு மாதத் திட்டம் போடுகிறவர்கள் இதையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இத்தனை நாள் விட்டுப்போனால் இன்னதைச் செய்வேன் என்று. விட்டுப்போன நாளில் போட்ட திட்டம் எனக்கு வேலைக்கு ஆகவில்லை.

மூன்றாம் மாதச் சோதனையில் இன்னொன்று தெரிந்தது. மாமா என்னிடம் பேசினால் புரிகிறது, அவர் பக்கத்து ஆளிடம் அதையே பேசினால் புரியவில்லை. வேகம் என்று நினைத்தேன். பதிவை மெதுவாக ஓடவிட்டும் புரியவில்லை. அப்புறம் அவர் சொன்னதை எழுதித் தரச் சொன்னபோதுதான் விஷயம் தெரிந்தது, சந்தி! 'உம்' என்கிற பொருளில் வரும் 'நா' அடுத்த சொல்லோடு புணரும்போது, 'ஆ'வும் 'உ'வும் சேர்ந்து 'ஓ' ஆகும், 'ஆ'வும் 'இ'யும் சேர்ந்து 'ஏ' ஆகும். சர்க்கரை "உஷுகேலா", தேநீரும் சர்க்கரையும் "இதியே நோஷுகேலா". பால் "உபிசி", ரொட்டியும் பாலும் "இசிங்க்வா நோபிசி". நாயும் என்றால் "நேஞ்ஜா". நான் அடையாளத்துக்காகச் சொல்லின் தலையைத் தேடிக்கொண்டிருக்கிறேன், அங்கே தலையே உருகிப் போயிருக்கிறது. குணசந்தி என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு இது ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாளுக்குப் பிறகு வேனில் கேட்ட பழைய பதிவுகளில் பாதி திடீரென்று திறந்துகொண்டது.

எண்களுக்காக நேரம் செலவழிக்காதீர்கள். ஐந்து வரை தெரிந்தால் போதும். ஆறு என்பது கட்டைவிரல், ஏழு என்பது சுட்டிக்காட்டுகிற விரல், எட்டுக்கு 'இரண்டு விரலை விட்டுவிடு' என்று நீளமான சொல், தெரிந்துகொள்ள அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் கிடங்கிலும் சந்தையிலும் விலை, மணி, தேதி எல்லாம் ஆங்கில எண்ணில்தான் ஓடுகிறது.

நான்காம் மாதம் ஒரு திசைதிருப்பல் வந்தது, இங்கே இருக்கிற நம் ஆட்களுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கோயிலில் ஒரு தாத்தா. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் முதல் கரும்புத் தோட்டக் கூலிகளோடு டர்பனுக்கு வந்ததே, அதற்கப்புறம் சில வருடங்களில் வந்த குடும்பம் அவருடையது. "இதுக்கு ஆறு மாசமாப்பா? ஒரு வாரத்துல நான் சொல்லித்தரேன்" என்றார். அன்போடுதான் சொன்னார், சொல்லியும் தந்தார். அவர் பேசியது ஃபனகலோ. தோட்டங்களிலும் கடைகளிலும் சுரங்கங்களிலும் வேலை வாங்குவதற்காக உருவான கலப்பு மொழி, சொற்களில் பெரும்பகுதி ஜூலுதான், ஆனால் திணை கிடையாது, தலை கிடையாது, எல்லாப் பெயருக்கும் முன்னால் ஒரே "லோ". 'நான் போகிறேன்' என்பது ஜூலுவில் "ங்கியாஹம்பா" என்று ஒரே சொல், ஃபனகலோவில் "மினா ஹம்பா" என்று உடைந்து நிற்கும். படிக்க உண்மையிலேயே சுலபம்.

நான் அதில் நான்கைந்து வாக்கியத்தைக் கிடங்கில் பேசினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அன்று பேச்சு என்னிடம் மறுபடி ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. சனிக்கிழமை மாமாதான் விளக்கினார். அது முதலாளி வேலைக்காரனிடம் பேசிய மொழி, ஏவல் மட்டுமே உள்ள மொழி, அதில் என்னிடம் பேசினால் என் அப்பாவை 'டேய்' என்று கூப்பிட்ட காலம் எனக்கு ஞாபகம் வரும் என்றார். தாத்தாவின் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவர் சின்ன வயதில் கேட்டது அது. ஆனால் உங்களுக்கு யாராவது சொல்லித்தர வந்தால், ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் "லோ" வருகிறதா, "ங்கி" வர வேண்டிய இடத்தில் "மினா" வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் நன்றி சொல்லி நகர்ந்துவிடுங்கள். அந்த மாதம் முழுக்க கேட்கிற முறையில் பேசப் பழகினேன். 'கொடு' என்று ஏவாமல் "ங்கிசெலா" என்று ஆரம்பிப்பது, பெரியவர்களிடம் பன்மையில் முடிப்பது.

ஐந்தாம் மாதம் வானொலி. உகோஸி எஃப்.எம். டர்பனிலிருந்தே ஒலிபரப்பாகிறது, நாட்டிலேயே மிகப் பெரிய ஜூலு நிலையம். முதல் மாதமே இதைப் போட்டுக் கேட்கச் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஒன்றும் புரியாத இருபது நிமிடம் வெறும் சத்தம்தான். ஐந்தாம் மாதத்தில் செய்தி மட்டும் கேட்டேன், ஒரே செய்தி மணிக்கொரு தரம் திரும்ப வருவதால் மூன்றாம் தடவையில் பிடிபடும். அதன் தலைப்பை அன்று மாலை "இசோலேஸ்வே" நாளிதழில் தேடிப் படிப்பேன்.

இந்த மாதம்தான் சுருதி விஷயமும் பிடிபட்டது. ஜூலுவில் குரலின் ஏற்ற இறக்கத்தால் பொருள் மாறும், எழுத்தில் அது தெரியாது. "உயாகுலா" என்பதில் 'உ'வைத் தாழ்த்திச் சொன்னால் உனக்கு உடம்பு சரியில்லை, உயர்த்திச் சொன்னால் அவருக்கு உடம்பு சரியில்லை. வேலைக்கு வராத ஒருவரைப் பற்றி நான் சொல்ல, "இல்லையே, நான் நன்றாகத்தானே இருக்கிறேன்" என்றார் மாமா. எல்லாச் சொல்லுக்கும் சுருதி படிக்க ஆறு மாதத்தில் முடியாது. நான் இந்த 'நீ', 'அவர்' வித்தியாசத்தை மட்டும் எடுத்துப் பதிவுகளைக் கேட்டுக் கேட்டுப் பின்னாலேயே சொல்லிப் பழகினேன், மற்றதை விட்டுவிட்டேன்.

கூடவே, செயப்படுபொருளையும் வினைக்குள் செருகுவது. 'பார்க்கிறேன்' என்பதற்குள் எதை என்பதும் போய் உட்காரும். நாற்காலியைப் பற்றிப் பேச்சு நடந்தால் "ங்கியாசிபோனா", மூட்டையென்றால் "ங்கியாலிபோனா". திணையின் அடையாளம் வினையின் வயிற்றுக்குள்ளும் போகிறது. இது எனக்குத் தாளில் வந்ததே தவிர வாயில் வரவில்லை. ஐந்தாம் மாதச் சோதனையில் நாலரை நிமிடம் பேசினேன், ஆங்கிலத் தாவல் ஐந்து, தலைத் தவறு ஒன்பது, உள்ளே செருக வேண்டிய இடம் ஏழிலும் செருகவில்லை, பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சமாளித்திருந்தேன்.

ஆறாம் மாதச் சோதனையை மட்டும் வெளியே வைத்தோம். மாமாவுக்கு என் ஜூலு பழகிவிட்டது, நான் தடுமாறினாலும் அவர் ஊகித்துவிடுகிறார், ஆகவே அறிமுகமில்லாத ஒருவரோடு பேச வேண்டும் என்றார். ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை டர்பன் வார்விக் சந்திப்புச் சந்தை. மூலிகை விற்கிற ஒரு கோகோவிடம் போய் முறைப்படி வணங்கி, நலம் விசாரித்து, நான் மொழி படிக்கிறேன், பேச்சைப் பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டேன். சரி என்றார். என்ன விற்கிறார், எங்கிருந்து வருகிறார், மழை எப்படி என்று போயிற்று. அவர் சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு எனக்குப் புரியவில்லை, இரண்டு தடவை திரும்பச் சொல்லக் கேட்டேன். ஆங்கிலத் தாவல் நான்கு, நான்கும் எண்கள். தலைத் தவறு பன்னிரண்டு, ஆனால் பதினோரு நிமிடத்தில்.

நடுவில் ஓரிடத்தில் அவர் "உசிஃபுண்டே குபி இசிஸுலு?" என்று கேட்கிறார், ஜூலு எங்கே படித்தாய். ஜூலு மொழியின் பெயர் நாற்காலியின் திணை, அதனால் அவர் வினைக்குள் ஒரு 'சி'. பதிவில் அடுத்த நொடியே என் குரல் கேட்கிறது: "ங்கிசிஃபுண்டே எம்செபென்ஸினி", வேலையிடத்தில் படித்தேன். எனக்கு அங்கே அது தெரியவே இல்லை. திங்கட்கிழமை கிடங்கில் உட்கார்ந்து பதிவைக் கேட்கும்போது மாமாதான் போனை நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, அந்த 'சி'யை மறுபடி ஓடவிட்டார்.